"செட்டிநாட்டு வீட்டு ஜாடி" என்று விற்கிறார்கள், அடியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

ராயபுரத்தில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் நாங்கள் 14,000 ரூபாய் கொடுத்து ஒரு பீங்கான் ஜாடி வாங்கினோம். ஒரு முழ உயரம், மர மூடி, விரிசல் விட்ட பனிக்கட்டி மாதிரி நீலப் பின்னணி, அதில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டைப் பிரித்தபோது வந்தது, முந்நூறு வருஷப் பழசு என்றார் கடைக்காரர். அது முழுக்கப் புதுச் சரக்கு. இதே கதையோடு உங்களிடமும் ஒரு ஜாடியை நீட்டலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெரிதாகக் காட்டியது அடியில் இருந்த சீன எழுத்து முத்திரையை. காங்சி என்ற சீனச் சக்கரவர்த்தியின் பெயர், அவர் ஆண்ட காலம் 1662 முதல் 1722 வரை. இதுவரை சரிதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் செய்த ஜாடிகளிலும் அதே பெயரைத் தாராளமாக எழுதினார்கள். இன்று செய்பவர்களும் எழுதுகிறார்கள். முத்திரையை வைத்து வயது சொல்லவே முடியாது.

1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் தண்டையார்பேட்டையில் இருக்கிறார். ஜாடியை அவரிடம் கொண்டுபோனோம். "மேல என்ன வேணா எழுதலாம் தம்பி, அடியைக் காட்டு" என்றார்.

ஜாடி தரையில் உட்காரும் அடிவளையத்தில் பூச்சு இருக்காது, வெறும் பீங்கான் மண்தான் தெரியும். பழைய சீன ஜாடிகளில் பூச்சு முடிந்து மண் தொடங்கும் ஓரத்தில் மெல்லிய செம்மஞ்சள் கோடு அடிக்கடி இருக்கும். மண்ணில் உள்ள இரும்பு சூளையில் வெந்து வரும் நிறம் அது. ஒரே அளவாக இருக்காது, ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் இல்லாமலும் போகும். எங்கள் ஜாடியிலோ வளையம் முழுக்க ஒரே பழுப்பு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அவர் தேய்த்ததும் பஞ்சு காப்பி நிறமானது, கீழே சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அழுக்கு படிந்த அசல் ஜாடியிலும் பஞ்சு கறுக்கும், அதனால் கறை வந்ததை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. அழுக்கு போன பிறகு என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். வளையத்தின் விளிம்பைத் தடவியும் பாருங்கள். நூறு வருஷம் தரையில் நகர்ந்த ஜாடியில் தரை படும் மேடு மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இதில் வளையத்தின் உள்பக்கச் சரிவு வரை உப்புக்காகிதம் போட்ட கீறல், எல்லாம் ஒரே திசையில்.

அடுத்தது பூச்சு. எனக்கு ரொம்பப் பயன்பட்ட சோதனை இதுதான். ட்யூப் லைட்டுக்குக் கீழே ஜாடியைச் சாய்த்துப் பிடித்தால் பூச்சில் விளக்கின் பிம்பம் விழும். புதுச் சரக்கில் அது கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரியும். அதை மறைக்க அமிலம் போட்டு மங்க வைக்கிறார்கள். கை பட்டுப் பட்டு மங்கிய ஜாடி என்றால் வயிற்றிலும் தோளிலும்தான் மங்கும், அடிவளையத்துக்குள் இருக்கும் குழியில் யார் கை படப்போகிறது? அந்தக் குழியிலும் எங்கள் ஜாடி தோளைப் போலவே மங்கிக் கிடந்தது. பெரியவர் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பூச்சின் மேல்தோலில் பொடிப் பொடியாகக் குழிகள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. "கனமா இருக்கு பாருங்க, அசல்" என்று கடைக்காரர் சொன்னது பிதற்றல். பழைய ஜாடியைச் சக்கரத்தில் இரண்டு துண்டாக வனைந்து நடுவில் ஒட்டுவார்கள். கையை உள்ளே விட்டால் வயிற்றுப் பகுதியில் அந்த ஒட்டு, மேடாக ஒரு சுற்று தட்டுப்படும். சுவர் மேலே போகப் போக மெலியும், கனம் அடியில் நிற்கும். அச்சில் மண்கூழ் ஊற்றிச் செய்த எங்கள் ஜாடிக்கு உள்ளே ஒட்டே இல்லை, வாய் முதல் அடி வரை ஒரே தடிமன், தூக்கினால் மேல்பாகமே கையை இழுக்கிறது. அச்சு ஜாடி சிலது அசலைவிட லேசாகவும் வரும். அதனால் எத்தனை கிலோ என்று கேட்காதீர்கள், கனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் பில்லைக் காட்டினார். அதில் "அலங்கார ஜாடி 1" என்றுதான் எழுதியிருந்தது, வயதைப் பற்றி ஒரு வரி இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட கலைப்பொருளை வியாபாரமாக விற்க 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். முந்நூறு வருஷம் என்பவரிடம் அந்த உரிமத்தைக் கேளுங்கள், வயதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மழுப்பினால் பணத்தை எடுக்காதீர்கள்.