காலரா பற்றி மூன்று புத்தகங்கள்: எதை முதலில் எடுப்பது?

தொற்றுநோய் வரலாற்றை ஒரே நோயின் வழியாகப் படிக்க நினைப்பவருக்குக் காலரா நல்ல தேர்வு. நோய் எதனால் பரவுகிறது என்ற சண்டை, தண்ணீருக்கு யார் செலவு செய்வது என்ற சண்டை, செத்தவர்கள் மேல் பழி போடுவது என எல்லாம் இதில் உண்டு. பேசத்தக்க புத்தகங்கள் மூன்று: ஸ்டீவன் ஜான்சனின் ‘தி கோஸ்ட் மேப்’ (2006), ரிச்சர்ட் எவன்ஸின் ‘டெத் இன் ஹாம்பர்க்’ (1987), சார்லஸ் ரோசன்பர்க்கின் ‘தி காலரா இயர்ஸ்’ (1962).

ஜான்சனின் புத்தகம் படிக்க எளிது. 1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் சோஹோ பகுதியில் தொடங்கிய சாவுகளை நாள் நாளாகச் சொல்கிறது. ப்ராட் ஸ்ட்ரீட் அடிகுழாயின் கைப்பிடியை மருத்துவர் ஜான் ஸ்னோ கழற்ற வைத்தார், நோய் நின்றது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அது அப்படி நடக்கவில்லை. செப்டம்பர் 8 அன்று கைப்பிடி கழற்றப்பட்டபோது சாவுகள் ஏற்கெனவே குறைந்துவிட்டிருந்தன. ஏராளமானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஸ்னோவே இதை ஒப்புக்கொண்டார்.

ஜான்சன் இதை மறைக்காமல், இன்னொருவரையும் மேடைக்குக் கொண்டுவருகிறார். அந்த வட்டாரப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட், தண்ணீர்தான் காரணம் என்ற ஸ்னோவின் வாதத்தை முதலில் நம்பாதவர். வீடு வீடாக விசாரித்துக்கொண்டே போன அவர்தான் முதல் நோயாளியைப் பிடித்தார்: 40ஆம் எண் வீட்டுக் கைக்குழந்தை. குழந்தையின் துணி அலசிய தண்ணீர் கழிவுக் குழியில் கொட்டப்பட்டது. அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி மூன்றடிகூட இல்லை, செங்கற்களும் உளுத்துப்போயிருந்தன. குழந்தையின் தந்தை நோயில் விழுந்த அன்றேதான் கைப்பிடியும் கழற்றப்பட்டது. முதல் அலையை அது நிறுத்தவில்லை. ஆனால் அதே குழியிலிருந்து வந்திருக்கக்கூடிய இரண்டாவது அலையைத் தடுத்திருக்கலாம். ஒரு நோயின் காரணத்தை நிரூபிப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது இந்த இடத்தில் புரியும். கடைசிப் பகுதியில் ஜான்சன் நவீன நகரங்களைப் பற்றி நீட்டி முழக்குகிறார். அதைத் தாண்டிவிட்டால் நஷ்டமில்லை.

காரணம் தெரிந்த பிறகும் ஏன் மக்கள் செத்தார்கள்? இதற்குத்தான் எவன்ஸிடம் போக வேண்டும். ஆண்டு 1892. காலராக் கிருமியை ராபர்ட் கோக் அடையாளம் கண்டு சுமார் எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் ஹாம்பர்க்கில் சில வாரங்களில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனாவில் அப்படி நடக்கவில்லை. இத்தனைக்கும் ஆல்டோனா தண்ணீர் எடுத்தது எல்பே ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு. ஆனால் அது தண்ணீரை மணல் வடிகட்டி வழியே மெதுவாக விட்டது. மணலின் மேல் படியும் வழுவழுப்பான உயிர்ப்படலம் கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஹாம்பர்க்கோ ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் அனுப்பியது.

ஹாம்பர்க் ஏன் வடிகட்டவில்லை? வணிகர்களும் வீட்டுச் சொந்தக்காரர்களும் ஆண்ட நகரம் அது. செலவை யார் தலையில் கட்டுவது என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள். நோய் வந்ததும் அறிவிக்கத் தயங்கினார்கள். அறிவித்தால் துறைமுகம் முடங்கும். காலரா குடிநீரை அல்ல, மண்ணைச் சார்ந்தது என்ற ஜெர்மன் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபரின் கொள்கையும் அவர்களுக்கு வசதியாக இருந்தது. எவன்ஸ் வருமான வாரியாக இறப்பைப் பிரித்துக் காட்டுகிறார். ஏழைகளே அதிகம் இறந்தார்கள், ஆனால் குழாய் எல்லோருக்கும் ஒன்றுதானே? தண்ணீரைக் காய்ச்ச எரிபொருளும் வேலையாளும் இருந்தவர்களுக்குத் தப்ப வழி இருந்தது.

அறுநூறு பக்கத்துக்கு மேல். கொள்ளைநோய் வருவதற்கு முன்பே நகரத்தின் ஆட்சி, வாடகை, சாக்கடை பற்றி நீண்ட அத்தியாயங்கள் உண்டு. பலர் அங்கேயே மூடிவைத்துவிடுகிறார்கள். 1892ஐச் சொல்லும் அத்தியாயத்தை முதலில் படித்து, பிறகு பின்னோக்கிப் போனால், அந்த வாடகைக் கணக்குகள் எல்லாம் எதற்காக வந்தன என்று தெரிந்துவிடும்.

ரோசன்பர்க்கின் புத்தகம் மெலிந்தது. அமெரிக்காவில் 1832, 1849, 1866 ஆகிய மூன்று அலைகளை எடுத்துக்கொள்கிறது. 1832இல் குடியும் ஒழுக்கக்கேடும்தான் காரணம் என்று பிரசங்கம் செய்தார்கள். 1866இல் நியூயார்க் புதிதாக ஒரு சுகாதார வாரியத்தை அமைத்துத் துப்புரவில் இறங்கியது. எண்ணிக்கைகளும் நோய்ப்பரவல் விளக்கமும் தேடுபவருக்கு இது ஏமாற்றம்தான். நோய் பற்றிய பேச்சு எப்படி மாறியது என்பதே அவருடைய விஷயம்.

ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் என் தேர்வு எவன்ஸ். கனமான புத்தகம் பயமுறுத்தினால் ஜான்சனில் தொடங்கலாம், ஆனால் கைப்பிடியோடு நின்றுவிடக் கூடாது. ரோசன்பர்க் மூன்றாவதாக வரட்டும்.