போய் வருகிறேனா, போயிட்டு வாரேனா?

திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு மாற்றல் வந்தபோது இரண்டு பேரிடம் நேரில் விடைபெற முடியவில்லை. தலைமை எழுத்தரான அண்ணாச்சி முழங்கால் அறுவை முடிந்து வீட்டில் இருந்தார். போன வருடம் சேர்ந்த தம்பி பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தான். இருவருக்கும் எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன். எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்று இரண்டிலும் எழுதிப் பார்த்ததில், என் ஓட்டு பெரும்பாலும் எழுத்துத் தமிழுக்கே.

'போகிறேன்' என்று எதிலும் எழுதக் கூடாது, 'போய் வருகிறேன்' என்றுதான் எழுத வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தத் தமிழ் என்பதைத் தீர்மானித்தது வினைமுற்று.

அண்ணாச்சிக்கு முதலில் பேசுவதுபோலவே எழுதினேன்: "அண்ணாச்சி, நாளைக்குக் கிளம்புறேன். நீங்க சொல்லிக் குடுத்ததை மறக்க மாட்டேன். உடம்பைப் பாத்துக்கோங்க." படித்துப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து போட்ட மெசேஜ் மாதிரி இருந்தது. நேரில் இதையே சொன்னால் குரல் தணியும், உடம்பு கொஞ்சம் குனியும். மரியாதையில் பாதி அங்கேயே வந்துவிடும். தாளில் மிஞ்சுவது 'ங்க' மட்டும். அந்த 'ங்க'வை டீக்கடைக்காரரிடமும் சொல்கிறோம், மச்சினனிடமும் சொல்கிறோம். எழுத்துத் தமிழில் அப்படியில்லை, மரியாதைக்குப் படிகள் உண்டு. நீங்கள், தாங்கள், பெயரோடு 'அவர்கள்' என்று வேண்டிய படியில் நிற்கலாம்.

மேல்படியில் நின்றாலும் சிக்கல்தான். "தங்களின் மேலான வழிகாட்டுதலுக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளேன்" என்று அடுத்து எழுதினேன். அது பிரிவு உபசார விழாவில் சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்துமடல். நாலு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவருக்கு அது எதற்கு? கடைசியில் போனது இதுதான்:

"அண்ணாச்சிக்கு வணக்கம். நாளைக் காலை ஓசூர் புறப்படுகிறேன். பென்சிலால் கூட்டிப் பார்த்த பிறகே பேரேட்டில் பேனா வைக்கச் சொன்னீர்கள். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். மாடிப்படி ஏறுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். போய் வருகிறேன்."

சொற்கள் வீட்டில் புழங்குபவை, முடிவுகள் மட்டும் எழுத்துத் தமிழ். இந்தக் கலவைதான் நிற்கிறது. கெடுவது வேறு கலவை: 'நீங்க' என்று தொடங்கி 'சொன்னீர்கள்' என்று முடிப்பது, ஒரு வரியில் 'செய்கிறேன்', அடுத்த வரியில் 'வாரேன்'. எழுதுகிறபோது கண்ணில் படாது. முடித்த பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால் தடுக்கும் இடம் தெரிந்துவிடும்.

பேச்சுத் தமிழுக்கு இன்னொரு தொல்லை, எழுத்துக்கூட்டல். எங்கள் பக்கம் 'வாரேன்', சென்னையில் 'வரேன்', இன்னொருவர் 'வர்றேன்'. எதை எழுதினாலும் ஊர் வாசனை வரும். அண்ணாச்சியும் நெல்லைக்காரர் என்பதால் அவருக்கு உறுத்தாது. கோயம்புத்தூர்ப் பெரியவருக்கு எப்படிப் படும் என்று எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

தம்பி விஷயத்தில்தான் எழுத்துத் தமிழ் சறுக்கியது. 'நீ' என்று எழுதியதும் 'ஆய்' வந்து ஒட்டிக்கொள்கிறது. "நீ நன்றாக வேலை செய்தாய். சீக்கிரம் பதவி உயர்வு பெறுவாய்." இது குறி சொல்கிறவர் குரல். 'நீங்கள்' என்றால், நேற்றுவரை நான் வாடா போடா என்று கூப்பிட்டவன், 'அண்ணே, என்ன கோபம்?' என்று கேட்பான். அதனால் அவனுக்குப் பேச்சுத் தமிழ்தான்: "தம்பி, நாளைக்கு ஓசூர் கிளம்புறேன். மாசக் கடைசிக் கணக்கை நீயே முடிச்சிருவே, பயப்படாதே. சந்தேகம்னா ராத்திரி பத்து மணிக்குள்ள கூப்பிடு. போயிட்டு வாரேன்."

ஏவல் வினை இங்கே கை கொடுக்கிறது. 'கூப்பிடு', 'எழுது', 'பயப்படாதே' எல்லாம் இரண்டு தமிழிலும் ஒன்றுதான். எழுத்துத் தமிழையே பிடித்துக்கொள்ள நினைத்தால், தம்பிக்கான வாக்கியங்களை ஏவலில் முடித்து 'ஆய்'யைத் தவிர்க்கலாம்.

நீயா நீங்களா என்று தெரியாத இளையவரும் உண்டு. வயதில் இரண்டு வருடம் சின்னவர், ஆனால் எட்டி நின்றே பழகியவர். எனக்கு அப்படி ஒரு சக ஊழியை இருந்தார். அவருக்கு 'வேண்டும்', 'லாம்' இரண்டையும் வைத்தே முழுக் குறிப்பையும் ஓட்டினேன்: "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஒருமுறை குடும்பத்தோடு ஓசூர் வர வேண்டும்." இவற்றில் ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. அவரும் பதிலில் அதே வழியைப் பிடித்தார்: "கண்டிப்பாக வரலாம். அங்கே போனதும் ஒரு வரி எழுத வேண்டும்."