இரண்டு சேலையிலும் சில்க் மார்க், ஜரிகை மட்டும் வேறு

காஞ்சிபுரம் ரகத்தில் ஒரே நிறம், ஒரே அகலக் கரை கொண்ட இரண்டு சேலைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சில்க் மார்க் அட்டை தொங்குகிறது. இரண்டையும் ‘பியூர் சில்க், ஜரிகை பார்டர்’ என்றே கடைக்காரர் சொல்கிறார். ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். விலை குறைந்ததில் ஏதோ ஏமாற்று இருக்கிறது என்று வாங்குபவர் நினைப்பார். பெரும்பாலும் அப்படி இருக்காது. பட்டு இரண்டிலும் ஒன்றுதான், ஜரிகைதான் வேறு. அட்டை பேசுவது பட்டைப் பற்றி மட்டுமே.

சில்க் மார்க் என்பது மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004இல் வந்த முத்திரை. பட்டாம்பூச்சிச் சின்னம், ஹாலோகிராம், தனி எண் எல்லாம் அட்டையில் இருக்கும். துணியின் நூல் இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். மல்பெரி, டசர், எரி, முகா நான்குமே இயற்கைப் பட்டுதான். அதனால் எந்தப் பட்டு என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். காஞ்சிபுரம் சேலை என்றால் மல்பெரியாக இருக்க வேண்டும். கரையில் ஓடும் உலோகத்தைப் பற்றி முத்திரை எதுவும் சொல்வதில்லை. கைத்தறியா விசைத்தறியா என்பதையும் சொல்வதில்லை, அதற்குக் கைத்தறி முத்திரை தனியாக உண்டு.

இனி ஜரிகை. விலை கூடிய சேலையில் இருப்பது அசல் ஜரிகை. பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. காஞ்சிபுரம் பட்டின் புவிசார் குறியீட்டு விவரத்தில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம் என்று இருக்கிறது. பின்னாளில் கூட்டுறவுச் சங்கச் சேலைகளில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 சதவீதம் என்ற கலவை வழக்கத்துக்கு வந்தது. ஆக ‘அசல் ஜரிகை’ என்ற பெயருக்குள்ளேயே இரண்டு தரம் அடங்கியிருக்கிறது. ஒரு சேலையில் 200 கிராம் ஜரிகை என்று வைத்துக்கொண்டால், முதல் கலவையில் 114 கிராம் வெள்ளி, இரண்டாவதில் 80 கிராம் வெள்ளி. தங்கம் இரண்டிலும் ஒரு கிராமை ஒட்டித்தான். ‘தங்க ஜரிகை’ என்று சொல்லி விற்றாலும் நாம் பணம் கொடுப்பது முக்கியமாக வெள்ளிக்கு.

விலை குறைந்த சேலையில் இருப்பது டெஸ்டட் ஜரிகை. இதில் கம்பி செம்பு. வெள்ளி மேற்பூச்சாக மட்டும் இருக்கும், தங்க நிறம் சாயமாகவோ மெழுகுப் பூச்சாகவோ வரும். புதிதில் பளபளப்பு குறையாது. நாளாக ஆக மேற்பூச்சு தேய்ந்து செம்பு கருக்கத் தொடங்கும். அதற்கும் கீழே பிளாஸ்டிக் ஜரிகை உண்டு. உலோகம் பூசிய பாலியஸ்டர் படலத்தை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி இழையாக்கியது. சேலை லேசாக இருக்கும், உடம்பில் உறுத்தாது, ஆனால் பழைய ஜரிகையாகக் கொண்டுபோனால் எவரும் எடைக்கு எடுக்க மாட்டார்கள். நான்கைந்து தடவை உடுத்தும் விழாச் சேலைக்கு டெஸ்டட் போதும் என்பது என் கருத்து. முகூர்த்தச் சேலைக்கும், பின்னாளில் உருக்கி வெள்ளி எடுக்க நினைக்கும் சேலைக்கும் அது பொருந்தாது. டெஸ்டட்டை டெஸ்டட் என்று சொல்லி விற்பவர் மேல் எனக்குக் குறையே இல்லை.

சரி, சொன்னதைச் சோதிப்பது எப்படி? பட்டுக்கு எல்லோரும் சொல்வது எரித்துப் பார்ப்பது. நல்ல சோதனைதான், ஆனால் இழை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். முந்தியின் ஓரத்தில் குஞ்சமாகத் தொங்கும் இழைகளைக் கத்தரித்து எரிக்கிறார்கள். அவை நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் மட்டுமே. பாவில் பட்டு, குறுக்கே ஓடும் ஊடையில் பாலியஸ்டர் என்று நெய்த கலப்புச் சேலையிலும் குஞ்சம் முழுக்கப் பட்டாகவே எரியும். முந்தியைத் தனிப் பாவில் இணைத்து நெய்த சேலையானால் அந்தக் குஞ்சம் உடலின் பாவைப் பற்றிக்கூடப் பேசாது. ரவிக்கைத் துணி முடியும் வெட்டு ஓரத்தில், ஓரத்துக்கு இணையாக ஓடும் இழை ஒன்றை உருவினால் அது ஊடை. அங்கேயே நீளவாக்கில் ஓடும் இழை பாவு. இரண்டையும் தனித்தனியாக எரிக்க வேண்டும். பட்டு முடி கருகும் வாசனையோடு மெதுவாக எரியும், தீயை விலக்கினால் அணையும், கருஞ்சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும், நசுங்காது. செயற்கைப் பட்டு என்று விற்கப்படும் விஸ்கோஸ் தாள் எரியும் வாசனையோடு சட்டென்று எரிந்துபோகும். கம்பளி இழையும் முடி வாசனைதான் தரும் என்பதால், சில்க் மார்க் எண்ணும் ஹாலோகிராமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதை எரிப்புச் சோதனைக்காக விட்டுவிட வேண்டாம். அட்டை சேலையோடு கட்டியிருக்கிறதா, வேறொரு சேலையின் அட்டையா என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஜரிகையைக் கண்ணால் சோதிப்பது கடினம். பின்புறத்தில் தளர்ந்திருக்கும் ஓர் இழையை எடுத்துப் பிரித்தால் உள்ளே சிவப்பு நூல் தெரியும், அதுவே அசலுக்கு அடையாளம் என்பார்கள். நூலைச் சிவப்பாகச் சாயமேற்றுவது பெரிய வேலையில்லை, போலியிலும் செய்வார்கள். மேற்பூச்சைச் சுரண்டினால் வெண்மை தெரிந்தால் அசல், சிவப்பு தெரிந்தால் டெஸ்டட் என்பதும் பாதிதான் சரி. வெள்ளி 40 சதவீதக் கலவையில் செம்பும் ஏறத்தாழ அதே அளவு இருப்பதால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. பிளாஸ்டிக் ஜரிகையை மட்டும் எரித்துப் பார்த்து உறுதியாகக் கண்டுபிடிக்கலாம். தீயில் காட்டினால் சுருங்கி உருகும். உலோக ஜரிகையில் நூல் கருகிய பிறகும் கம்பி மிஞ்சும்.

ஆகவே விலை கூடிய சேலைக்கு, எக்ஸ் கதிரால் உலோகங்களை அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப் கருவியில் ஜரிகையைச் சோதித்துப் பார்ப்பதே முறை. சேலையைக் கெடுக்காமல் சில நிமிடங்களில் வெள்ளி, செம்பு, தங்கத்தின் அளவைக் காட்டும். ஆனால் அது காட்டும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். பொதுவாக இந்தக் கருவிக்கு உள்ளே இருக்கும் பட்டு நூல் தெரியாது. உலோகத்தை மட்டும் நூறாக வைத்துக் கணக்கிடும். அதனால் 40 சதவீத வெள்ளி ஜரிகை கருவியில் ஏறத்தாழ 53 சதவீதமாகத் தெரியும். 57 சதவீத ஜரிகை 75 சதவீதமாகத் தெரியும். ‘பாருங்கள், 53 வருகிறது, 57க்குப் பக்கத்தில்தானே’ என்று சொன்னால் அது வேறு கணக்கு. நூலைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிட வேண்டும். தங்கம் மேற்பரப்பிலேயே இருப்பதால் அதன் எண் உண்மையைவிடக் கூடுதலாகவும் வரக்கூடும்.

இதையெல்லாம் கடையில் நின்று பேசித் தீர்ப்பதைவிட ரசீதில் எழுதி வாங்குவது நல்லது. ‘பட்டுச் சேலை 1’ என்ற ரசீது பிறகு எதற்கும் உதவாது. பாவும் ஊடையும் மல்பெரி பட்டு, சில்க் மார்க் எண் இது, ஜரிகை அசல், வெள்ளி இத்தனை சதவீதம், தங்கம் இத்தனை, ஜரிகையின் எடை இத்தனை கிராம் என்று வர வேண்டும். டெஸ்டட் என்றால் ‘டெஸ்டட் ஜரிகை’ என்றே எழுதச் சொல்லுங்கள். வாயால் அசல் என்றவர் ரசீதில் ‘ஜரிகை’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், அசலுக்கான விலையை அந்தச் சேலைக்குக் கொடுக்க வேண்டாம்.