லோ-பாஸ் ஃபில்டர் இல்லாத கேமராவும் கட்டம் போட்ட சட்டையும்

லோ-பாஸ் ஃபில்டர் இல்லாத 36 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு செகண்ட் ஹேண்டில் விலை நன்றாக இறங்கியிருக்கிறது, போர்ட்ரெய்ட்டுக்கு வாங்கலாமா அண்ணா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். சென்சாருக்கு முன்னே நின்று படத்தை லேசாகக் கலைக்கும் அந்த ஃபில்டர் இல்லாத கேமரா என்ன தரும் என்று எல்லோருக்கும் தெரியும். இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். தோல் நிறத்தில் இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது சட்டையைப் பற்றி.

அங்குலத்துக்கு 100 இழை ஓடும் பொடிக்கட்டச் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 மி.மீ. லென்ஸில், ஆளிடமிருந்து சுமார் 2.3 மீட்டரில் நின்றால், ஓர் இழையும் பக்கத்து இடைவெளியும் சேர்ந்து சென்சாரில் சரியாக இரண்டு பிக்சல் அகலத்தில் விழும். சிவப்புப் பிக்சல் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில்தான் இருக்கிறது. நீலம் இடைப்பட்ட வரிசையில். ஆகவே ஓரிடத்தில் சிவப்பெல்லாம் இழையின் மேலும், நீலமெல்லாம் இடைவெளியிலும் உட்காரும். கொஞ்சம் தள்ளி அதுவே தலைகீழாகும். வெள்ளைச் சட்டையில் ஆரஞ்சும் நீலமுமாக அலை அலையாகப் பட்டை ஓடும் மொய்ரே வருவது இதனால்தான். கொடுமை என்னவென்றால், அந்த 2.3 மீட்டரில் செங்குத்துப் படத்தில் 90 செ.மீ. உயரம் அடங்கும். தலை முதல் இடுப்பு வரை, அதாவது எல்லோரும் கேட்கும் அந்தப் படம்!

2012இல் நிக்கான் ஒரே சென்சாரை ஃபில்டரோடு D800 என்றும், ஃபில்டரின் வேலையை ரத்து செய்து D800E என்றும் இரண்டாகக் கொடுத்தது. வாங்குகிறவர் யோசித்து எடுக்கலாம். அதன் பிறகு வந்த பல உயர் மெகாபிக்சல் கேமராக்களில் அந்தத் தேர்வே இல்லை என்பது எனக்கு இன்னும் கோபம்தான்.

ஸ்டுடியோவில் ஃபிளாஷ் போட்டு f/8இல் எடுப்பதுதான் மிக மோசம். கண்ணும் கூர்மை, சட்டையும் கூர்மை. அதே இடத்தில் f/2.8 வைத்துக் கண்ணில் ஃபோகஸ் செய்தால், மார்பு கண்ணைவிட மூன்று சென்டிமீட்டர் முன்னே இருந்தாலே இழை மூன்று பிக்சல் அளவுக்குக் கலைந்துவிடும், வானவில் வராது. ஆளை லேசாகத் திரும்பி நிற்கச் சொன்னால் இந்த இடைவெளி தானாகக் கிடைக்கும். குழுப் படத்தில் இது நடக்காது. அங்கே f/16 வரை மூடலாம். டிஃப்ராக்‌ஷன் இழையை அழித்துவிடும், கூடவே இமை முடியின் கூர்மையையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அப்புறம், அரை எட்டு முன்னே நகர்ந்து இன்னொரு ஃபிரேம் எடுத்து வையுங்கள். பட்டை இடம் மாறும், பல சமயம் அகலமும் குறையும். மோசமான பகுதியை அதிலிருந்து ஒட்டிவிடலாம். கேமரா திரையில் 100%க்குப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். பெரிதாக்கியதும் மறைந்தால் அது திரையின் வேலை, படத்தில் இல்லை.

பட்டுதான் உண்மையான சோதனை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் வைத்து நெய்த மயில்கழுத்துப் பட்டில் பச்சையும் நீலமும் மாறி மாறித் தெரிவது நெசவின் அழகு. அந்த நிறமாற்றம் மடிப்போடு சேர்ந்து போகும். மொய்ரே அப்படியில்லை, மடிப்பை மதிக்காமல் குறுக்கே வளைந்து ஓடும். லைட்ரூமில் Moiré ஸ்லைடரைப் புடவை முழுக்கத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து மங்கிவிடும், ஜரிகை ஓரத்து நிறமும் பக்கத்தில் கசியும். ஒரு முகூர்த்தப் படத்தில் தோள் மடிப்பில் மட்டும்தான் வானவில் இருந்தது. ஃபோட்டோஷாப்பில் லேயரை நகல் எடுத்து, பட்டை கரையும் வரை Gaussian Blur ஏற்றி, பிளெண்ட் மோடை Color என்று மாற்றினேன். நிறம் மட்டும் மங்கியது, இழை அப்படியே நின்றது. கருப்பு மாஸ்க் போட்டு அந்த மடிப்பில் மட்டும் பிரஷ்ஷால் திறந்துவிட்டேன். மயில்கழுத்து தப்பியது.

ஆனால் நிறப் பட்டைக்குத்தான் இந்த வைத்தியம். வெளிச்சமும் இருட்டுமாக வரும் பட்டை Colorஇல் அசையாது. அப்படி வந்த சட்டையை வேறு ஃபிரேமிலிருந்து ஒட்டுவதைத் தவிர வழியில்லை, அதற்கு அந்த இன்னொரு ஃபிரேம் இருக்க வேண்டும்.

தம்பி எடுப்பது பெரும்பாலும் ஆபீஸ் ஊழியர் படங்கள், வரிசையாகக் கட்டச் சட்டை. வாங்காதீர்கள். ஃபில்டர் உள்ள 24 மெகாபிக்சல் ஒன்றைப் பாருங்கள். என்னுடையதைக் கேட்டும் ஒருவர் வந்தார். இந்த விலைக்கு மட்டுமல்ல, எந்த விலைக்கும் தருவதாக இல்லை.