தூசு அலர்ஜித் தலைவலி: மாத்திரையா, மூக்கு ஸ்ப்ரேயா?

தூசு அலர்ஜி உள்ள ஒருவர். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கொஞ்ச நேரத்தில் மூக்கடைப்பு. பத்து மணிக்குள் புருவ மத்தியிலும் கன்னங்களிலும் பாரமான வலி. வாரத்தில் நான்கு நாள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். அவர் எதை எடுப்பது?

பெரும்பாலும் கை முதலில் போவது பாராசிட்டமாலுக்குத்தான். வலி அடங்கும், மூக்கின் வீக்கம் அப்படியே இருக்கும். அதனால் மறுநாளும் வலி. மாதத்தில் 15 நாளுக்கு மேல் இப்படியே ஓட்டினால், மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கிவிடும்.

செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை சுமார் ஒரு மணி நேரத்தில் தும்மலையும் அரிப்பையும் நீரையும் அடக்கும், ஏனென்றால் இவற்றைக் கிளப்பும் ஹிஸ்டமினை அது தடுக்கிறது. அடைப்பில் அதன் கை ஓங்காது. நம் ஆளுக்குத் தும்மல் நின்றும் பாரம் குறையாமல் போவது இதனால்தான். சிலருக்குத் தூக்கக் கலக்கமும் வரும்.

மூக்கடைப்புச் சொட்டு மருந்து (ஆக்ஸிமெட்டசோலின் போன்றவை) சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்து இறங்கியதும் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். தினமும் தொல்லைப்படுபவருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

அடைப்போடு வரும் வலிக்கு என் தேர்வு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே: ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன். தலைவலி குறைய வேண்டுமென்றால் சவ்வின் வீக்கம் வற்ற வேண்டும். அந்த வேலையை இதுதான் செய்கிறது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். பலர் மூன்றாம் நாளே "இது வேலைக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம். வலி வந்த அன்று மட்டும் அடித்தாலும் பயன் குறைவு. தினமும் அடிக்க வேண்டும்.

அடிக்கும் முறையும் முக்கியம். தலையைச் சற்றே குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கச் சுவரைப் பார்க்கும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியலாம். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

அப்புறம், எழுந்தவுடன் தும்மல் என்றால் படுக்கையில் வாழும் தூசுப்பூச்சிதான் முதல் சந்தேகம். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால், மருந்து சமாளிக்க வேண்டிய சுமை குறையும்.

மூக்கு திறந்து ஒரு மாதமாகியும் தலைவலி அப்படியே இருக்கிறதா? ஒரு பக்கமாக விண்விண்ணென்று தெறிக்கிறதா, குமட்டுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா? அப்படியானால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், அடைக்கும் என்பதால் பலர் அதை சைனஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குச் சிகிச்சை வேறு. திடீரென்று வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்கல் என்றால் ஸ்ப்ரேயை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.