"ரூட் கிளியர்" என்ற ஒரு மெசேஜை நம்பி ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். அரூர், தர்மபுரி பக்கத்து ஆட்கள் கவனிக்கவும்

போன டிசம்பரில் நடந்தது. மூன்று மாதமாகப் பணத்துக்கு நடையாய் நடந்து பார்த்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். காட்டேஜ் புக் பண்ணித் தந்த ஏஜென்ட் பெயரைப் போடச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது நடந்துகொண்டிருக்கிறது, அதனால் பெயர் இங்கே வேண்டாம். ஆள் யார் என்பதைவிட, நான் எப்படி ஏமாந்தேன் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

எனக்கு அரூர். எங்கள் ஊரிலிருந்து ஏற்காடு ஏற இரண்டு வழி. மஞ்சவாடி கணவாய் இறங்கியதும் குப்பனூரில் பிரிந்து, கொட்டச்சேடு வழியாக ஏறுவது ஒன்று. அப்படியே சேலம் போய், அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவது இன்னொன்று. தர்மபுரிக்காரர்கள் தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் வழியாகத்தான் போவார்கள். எங்களுக்குக் குப்பனூர்தான் பக்கம். ரோடு குறுகல், ஏற்றம் அதிகம், ஆனால் சேலம் டவுனுக்குள் சிக்க வேண்டாம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு இரண்டு ரூம். ஏழாயிரம் ரூபாய் முன்பணம், ஜிபே. அந்த ஏஜென்ட் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் வைத்திருந்தார். "ஏற்காடு காட் ரோடு லைவ் அலர்ட்" என்று பெயர். நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மலை ஏறுவதற்கு முன் இதைப் பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று அவரே சேர்த்துவிட்டார். நல்ல மனுஷன் என்று அப்போது நினைத்தேன்.

வெள்ளி ராத்திரி முழுக்க அரூரில் மழை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் சமயத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரி மழை என்றாலே அம்மா தூங்க மாட்டார். "போகணுமாடா?" என்று விடியும்போதே கேட்டார். நான் குரூப்பைத் திறந்தேன். காலை 6:10-க்கு ஏஜென்ட் போட்ட மெசேஜ்: "குப்பனூர் ரூட் கிளியர். சேலம் ரூட்ல மண்சரிவு, அவாய்ட் பண்ணுங்க." கூடவே கார் கண்ணாடி வழியாக எடுத்த பதினைந்து நொடி வீடியோ, இரண்டு மண்சரிவு போட்டோ. போன் போட்டேன். "சார், இப்பதான் நம்ம டிரைவர் இறங்கி வந்தான், தாராளமா வாங்க" என்றார்.

அந்த வீடியோவை அப்போதே ஒழுங்காகப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரோடு காய்ந்து கிடந்தது. ராத்திரி முழுக்க மழை பெய்த மலையில் காலை ஆறு மணிக்கு ரோடு எப்படிக் காயும்? அதோடு, ஆறு மணி வெளிச்சம் மாதிரியும் இல்லை, மரத்து நிழல் ரோட்டில் குட்டையாக விழுந்திருந்தது. இதெல்லாம் மறுநாள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது. சனிக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் "கிளியர்" என்ற வார்த்தை மட்டும்தான்.

மேப்பையும் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. குப்பனூர் வழி நீலக் கோடாகப் போனது, தடை எதுவும் காட்டவில்லை. இங்கேதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறோம். மேப்பில் தெரியும் போக்குவரத்து நிலவரம், அந்த ரோட்டில் போகிறவர்களின் போன்கள் நகரும் வேகத்தை வைத்து வருவது. ஆள் போகாத ரோட்டில், சிக்னல் கிடைக்காத ரோட்டில் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ரோடு அடைப்பு என்று அது காட்ட வேண்டுமானால் யாராவது தெரிவித்திருக்க வேண்டும். விடியற்காலையில் மலைமேல் யார் தெரிவிப்பார்கள்? நீலக் கோடு "இப்படி ஒரு வழி இருக்கிறது" என்று சொல்லும், அவ்வளவுதான். டிராஃபிக் லேயரைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பச்சை என்றால் வண்டிகள் ஓடுகின்றன. நிறமே இல்லை என்றால் தகவல் இல்லை, அது பச்சைக்குச் சமம் கிடையாது. அன்றைக்குக் காலை ஏழரைக்கு என் மனைவி எடுத்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் இருக்கிறது. சேலம் வழி மலைப்பாதை பச்சை. குப்பனூர் வழி நிறமில்லாமல் வெளுத்துக் கிடக்கிறது. அவள் எடுத்தது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று அவள் தங்கைக்கு அனுப்ப. நான் அதைப் படிக்கவில்லை.

மஞ்சவாடி தாண்டும்போது மழை விட்டு வெயில் அடித்தது. "பாத்தீங்களாம்மா" என்று பெருமையாகச் சொன்னேன். குப்பனூரில் தடுப்பு போட்டு இரண்டு போலீஸ்காரர்கள். டீக்கடை பெரியவர் எங்களைப் பார்த்ததும் கேட்டார், "ஏற்காடா தம்பி? ராத்திரி ரெண்டு மணிக்கே மரத்தோட மண்ணு எறங்கிடுச்சே. ஜேசிபி மேல போயிருக்கு. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

சொன்னார்கள், நேர்மாறாக.

ஏஜென்டுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மணி எட்டரை. சேலம் ரோட்டிலும் மண்சரிவு என்று அதே மெசேஜில்தானே இருந்தது, அதனால் அங்கேயே நின்றோம். ஜேசிபி ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் அங்கே நின்ற ஒரு வேன் டிரைவர்தான் கேட்டார், "சேலம் ரூட்டு காலைல இருந்து ஓடுதே அண்ணா, ஏன் இங்க நிக்கிறீங்க?" அயோத்தியாப்பட்டணம் வழியாக அடித்துப் பிடித்து அடிவாரம் போனால், சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஒன்பதரைக்கு மேலே ஒரு பாறை உருண்டு ரோட்டில் விழுந்திருக்கிறது. காலையில் அந்த வழியே போனவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். மதியம் இரண்டு வரை காத்திருந்தோம். அம்மாவுக்குச் சர்க்கரை, அதற்குமேல் முடியவில்லை. திரும்பிவிட்டோம்.

வெயில் வந்த பிறகு பாறை எப்படி விழுந்தது என்று எனக்கு முதலில் புரியவில்லை. அடிவாரத்தில் நின்ற நெடுஞ்சாலைத்துறை ஊழியர் ஒருவர் சொன்னார்: ரோட்டுக்காக வெட்டிய சரிவில் மண்ணும் கல்லும் கலந்துதான் இருக்கும். மழைத் தண்ணி உள்ளே இறங்க நேரம் ஆகும், இறங்கி ஊறி மண்ணோட பிடிப்பு விட இன்னும் நேரம் ஆகும். மழை நின்ற பிறகும் பல மணி நேரம் விழும். சரிவிலிருந்து கலங்கலாகத் தண்ணி பீச்சினாலோ, பொடிக்கல் உதிர்ந்துகொண்டே இருந்தாலோ அங்கே வண்டியை நிறுத்தவே கூடாது என்றார். அதனால் "இப்ப மழை இல்ல சார்" என்று யாராவது சொன்னால் அது ரோட்டைப் பற்றிய பதில் இல்லை. நேற்றும் முந்தாநாளும் எவ்வளவு பெய்தது என்பதுதான் கேள்வி. வானிலை மையம் சொல்லும் ஒரு நாள் மழையளவு, முந்தின நாள் காலை எட்டரையிலிருந்து இன்று காலை எட்டரை வரைக்கும் ஆனது. ஆறு மணிக்குக் கிளம்புகிறவன் கையில் இருப்பது நேற்றைய கணக்குதான், ராத்திரிப் பெய்தது அதில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

இன்னொரு தப்பும் என்மேல் உண்டு. முந்தின நாள் சாயங்காலம் வானிலை எச்சரிக்கை பார்த்தேன். தர்மபுரி மாவட்டத்துக்குப் பார்த்தேன், மஞ்சள்தான் இருந்தது. ஆனால் ஏற்காடு சேலம் மாவட்டம். சேலத்துக்கு அன்றைக்கு ஆரஞ்சு. எச்சரிக்கை எல்லாம் மாவட்ட வாரியாக வருகிறது, போனும் நாம் நிற்கிற இடத்தை வைத்தே காட்டுகிறது. எல்லை தாண்டிப் போகிற நமக்கு, போகிற மாவட்டம்தான் வேண்டும். இப்போது Sachet ஆப்பில் சேலத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். mausam.imd.gov.in தளத்தில் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான மாவட்ட எச்சரிக்கையும் வரும், கிளம்பும் முன் அதையும் பார்க்கிறேன். ஆனால் இவை இரண்டுமே எந்த ரோட்டில் எந்த வளைவில் மண் விழுந்திருக்கிறது என்று சொல்லாது. "இன்றைக்கு விழ வாய்ப்பு அதிகம்" என்ற அளவுக்குத்தான் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரோடு நிலவரத்துக்குப் போன்தான் வழி. அன்றைக்கு மஞ்சவாடியில் டீ குடிக்க நிறுத்தியபோதே, ஏதோ உறுத்தி, 1077-க்கு அடித்தேன். தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை எடுத்தது. "ஏற்காடு எங்களுக்கு வராதுங்க, 0427 போட்டு 1077 அடிங்க" என்று பொறுமையாகச் சொன்னார் அந்த அம்மா. ஏஜென்ட்தான் சொல்லிவிட்டாரே என்று அடிக்காமல் விட்டேன். ஒரே ஒரு போன்! பிறகு ஜனவரியில் போனபோது முந்தின ராத்திரியும் விடிகாலையும் அந்த எண்ணுக்கே அடித்தேன். "ரோடு ஓப்பனா?" என்று கேட்கவில்லை. குப்பனூர் வழியா அடிவாரம் வழியா, கடைசியாக எத்தனை மணிக்குத் தகவல் வந்தது, கார் விடுகிறார்களா, இன்றைக்கு ஜேசிபி வேலைக்காக இடையில் நிறுத்துவார்களா என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு, பதினொரு மணிக்கு மேல் நிறுத்தி நிறுத்தி விடுவோம் என்று பதில் வந்தது. எட்டு மணிக்கே ஏறிவிட்டோம்.

பணத்துக்கு வருகிறேன். ரோடு அடைத்தால் முழுப் பணமும் திருப்பித் தருவோம் என்பது ஏஜென்ட் வாய்வார்த்தை. ரசீதைப் பிறகு படித்தால் "இரண்டு வழியும் அரசு அறிவிப்பின்படி அடைக்கப்பட்டால்" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை போனை எடுத்து நிதானமாகச் சொன்னார், "சேலம் ரூட் ஒன்பதரை வரைக்கும் ஓப்பன் சார், நீங்க வரலைன்னா அது உங்க பிரச்சினை." அந்த ரூட்டை அவாய்ட் பண்ணச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். "அது ஃபார்வர்ட் மெசேஜ் சார்" என்றார். வேண்டுமென்றே செய்தாரா, வந்ததைப் பார்க்காமல் தள்ளிவிட்டாரா, தெரியாது. எப்படியிருந்தாலும் ரூமைக் காலியாக வைத்து ஏழாயிரம் சம்பாதித்தவர் அவர். ரூம் வாடகைக்கு விடுகிறவர் நடத்துகிற ரோடு அலர்ட்டை நான் நம்பியிருக்கவே கூடாது.

அன்று சாயங்காலமே 6:10 மெசேஜை அவர் அழித்துவிட்டார். அழிப்பதற்கு முன்பே என் மனைவி மெசேஜையும் வீடியோவையும் எடுத்து வைத்திருந்தாள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, மேப் ஸ்கிரீன்ஷாட், ரசீது, ஜிபே விவரம் எல்லாம் கொடுத்திருக்கிறேன். போன வாரம் அவரே கூப்பிட்டு, மூவாயிரம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். என் மச்சான் இன்னும் அதில் இருக்கிறான். இன்று காலையும் அங்கே "ரூட் கிளியர்" என்று வந்திருக்கிறதாம், அதே வீடியோவோடு.