குளோசிங் விலைதான் வேண்டுமென்றால்: எம்.ஓ.சி.யா, எல்.ஓ.சி.யா, கடைசி நொடி மார்க்கெட் ஆர்டரா?

பழைய விலைகளில் உத்தியைச் சோதித்துப் பார்க்கும் பேக்டெஸ்ட்டில் "இன்றைய குளோசில் வாங்கு" என்று எழுதுவது சுலபம். அமெரிக்கச் சந்தையில் நிஜமாக வாங்கப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். அதிகாரப்பூர்வ குளோசிங் விலை மாலை 4 மணிக்கு நடக்கும் ஏலத்தில்தான் பிறக்கிறது. அந்த விலையைப் பார்த்த பிறகு அதே விலையில் வாங்க வழியில்லை.

3:59:58-க்குச் சாதாரண மார்க்கெட் ஆர்டர் அனுப்புவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. இது ஏலத்தில் சேராது. அந்த நொடியில் எதிரே நிற்கும் விலைக்கு முடிந்துவிடும். அதிகம் கைமாறும் பங்கில் வித்தியாசம் சில சென்ட்தான். ஏலத்தில் பெரிய ஆர்டர்கள் ஒரே பக்கம் குவியும் நாளில் அது விரிந்துவிடும். குளோசிங் விலையே குறி என்றால் இதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மார்க்கெட் ஆன் குளோஸ், அதாவது எம்.ஓ.சி., ஏல விலையை அப்படியே தரும். பதிலுக்கு முன்கூட்டியே முடிவெடுக்கச் சொல்லும். நியூயார்க் பங்குச் சந்தையில் 3:50, நாஸ்டாக்கில் 3:55 கடைசி நேரம். தரகர் இதற்கும் முன்பே கதவைச் சாத்தலாம். எனவே உங்கள் நிபந்தனை குளோசை அல்ல, 3:49 விலையைத்தான் பார்க்கிறது. பேக்டெஸ்ட்டிலும் சிக்னலை 3:49 விலையில் கணக்கிட்டு, வாங்கும் விலையை மட்டும் குளோசாக வையுங்கள். லாபம் சட்டென்று சுருங்கினால், அது வராத விலையைப் பார்த்து வந்த லாபம்.

லிமிட் ஆன் குளோஸ், எல்.ஓ.சி., விலை உச்சவரம்புக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். விலை இறங்கினால் வாங்கும் உத்திகளில் அது நிபந்தனையையே ஏலத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. உதாரணமாக, குளோஸ் 5 நாள் சராசரிக்குக் கீழே இருந்தால் வாங்க வேண்டும். அந்தச் சராசரியில் இன்றைய குளோசும் அடக்கம். முந்தைய 4 குளோஸ்களின் கூட்டுத்தொகை 404 டாலர் என்றால், C < (404 + C) / 5 என்பது C < 101 என்று சுருங்கும். அப்புறம் என்ன, 100.99-க்கு எல்.ஓ.சி. போட்டால் போதும். ஏலம் 100.40-இல் முடிந்தால் 100.40-க்கே கிடைக்கும். 101.20 என்றால் ஆர்டர் அன்றோடு காலாவதி. 3:49 விலையை வைத்து யூகிக்கும் வேலையே இல்லை. இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் ஏ.பி.ஐ.யில் இவ்வளவுதான்:

```
order.orderType = "LOC"
order.lmtPrice = 100.99
```

ஏலம் சரியாக லிமிட் விலையிலேயே முடிந்தால் கேட்டதில் ஒரு பகுதி மட்டும் கிடைக்கலாம், அல்லது எதுவும் கிடைக்காமலும் போகலாம். "குளோஸ் சராசரிக்கு மேலே இருந்தால் வாங்கு" என்ற உத்திக்கு இந்த வழி உதவாது. லிமிட் அங்கே தலைகீழாக வேலை செய்யும். அதற்கு எம்.ஓ.சி.தான், 3:49 விலையின் பிழையோடு.

சரி, எதை எடுத்தாலும் நேரத்தை 3:50 என்று நிரலில் பொறித்துவிடாதீர்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் சந்தை 1 மணிக்கே மூடுகிறது. அன்று உங்கள் நிரல் விழிக்கும்போது ஏலம் முடிந்திருக்கும், ஆர்டர் அந்த ஏலத்தில் சேராது. அன்றைய மூடும் நேரத்தை நாட்காட்டியிலிருந்து எடுத்து, அதிலிருந்து நிமிடங்களைக் கழியுங்கள்.